பாக்கி ரூ.10,000, வட்டி ரூ.1,852: கடன் அட்டை வட்டி கணக்கிடப்படுவது எப்படி?

மும்பை: கடன் அட்டைக்கான மாதாந்திர பில்லில் பெரும்பகுதியைச் செலுத்திவிட்டு, சிறு தொகையை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கும் வாடிக்கையாளர்கள், அடுத்த பில்லைக் கண்டு திகைப்பது வழக்கமாகிவிட்டது. பாக்கி வைத்த தொகைக்கு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வட்டி அதில் இடம்பெற்றிருக்கும். வங்கி தவறாகக் கணக்கிட்டுவிட்டது என்றே பலரும் முதலில் நினைக்கின்றனர். ஆனால், பெரும்பாலான நேரங்களில் அந்தத் தொகை, அட்டையைப் பெறும்போது வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட விதிமுறைகளில் உள்ள ஒரு கணக்கீட்டு முறையின் விளைவே ஆகும். அதற்கு ‘சராசரி தினசரி நிலுவை’ முறை என்று பெயர்.

இந்த முறையில், மாத இறுதியில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதை வங்கி பார்ப்பதில்லை. மாதத்தின் ஒவ்வொரு நாளும் எவ்வளவு பாக்கி இருந்தது என்பதையே பார்க்கிறது. ஆகவே, எவ்வளவு செலுத்தினோம் என்பதைப் போலவே, எந்தத் தேதியில் செலுத்தினோம், எந்தத் தேதியில் புதிய பொருள் வாங்கினோம் என்பவையும் வட்டியைத் தீர்மானிக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு

கடன் அட்டை வைத்திருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி பில் தயாராவதாகக் கொள்வோம். அதாவது, ஒரு மாதத்தின் 16-ஆம் தேதி முதல் அடுத்த மாதத்தின் 15-ஆம் தேதி வரை ஒரு பில் சுழற்சி. பில் தயாரானதிலிருந்து 20 நாள்களுக்குள் பணம் செலுத்த வேண்டும். வட்டி விகிதம் மாதத்துக்கு 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம். இந்தியாவில் பல அட்டைகளுக்கு விதிக்கப்படும் விகிதம் இதையொட்டியே உள்ளது.

அவர் மே 20-ஆம் தேதி ரூ.30,000-க்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார். பழைய பாக்கி ஏதும் இல்லை. ஜூன் 15-ஆம் தேதி வரும் பில்லில் ரூ.30,000 செலுத்துமாறும், அதற்கான கடைசி நாள் ஜூலை 5 என்றும் குறிப்பிடப்படுகிறது. இதற்கிடையே ஜூன் 26-ஆம் தேதி அதே அட்டையில் ரூ.6,000-க்குத் துணி வாங்குகிறார். ஜூலை 5-ஆம் தேதி, கையில் இருந்த ரூ.20,000-ஐச் செலுத்துகிறார். பில்லில் ரூ.10,000 பாக்கி நிற்கிறது.

பாக்கி ரூ.10,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் ரூ.350 வட்டி வரும் என்பது அவரது கணக்கு. ஆனால், ஜூலை 15-ஆம் தேதி வரும் பில்லில் வட்டி மட்டும் ரூ.1,852.60 என்று இருக்கும். அத்துடன் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியாக ரூ.333.47 சேர்ந்து, மொத்தச் சுமை ரூ.2,186.07 ஆகும். இந்தத் தொகை இரண்டு பகுதிகளால் ஆனது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நாள்தோறும் எழுதப்படும் நிலுவை

முதலில், ஜூன் 16 முதல் ஜூலை 15 வரையிலான 30 நாள் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். இந்த 30 நாள்களும் ஒரே நிலுவையுடன் கழியவில்லை. பொருள் வாங்கிய நாளில் நிலுவை கூடுகிறது. பணம் செலுத்திய நாளில் குறைகிறது. இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்ததால், சுழற்சி மூன்று கட்டங்களாகப் பிரிகிறது.

ஜூன் 16 முதல் 25 வரை 10 நாள்கள், தினமும் ரூ.30,000 நிலுவை. பெருக்கினால் 3,00,000.

ஜூன் 26 முதல் ஜூலை 4 வரை 9 நாள்கள், துணி வாங்கியதையும் சேர்த்துத் தினமும் ரூ.36,000 நிலுவை. பெருக்கினால் 3,24,000.

ஜூலை 5 முதல் 15 வரை 11 நாள்கள், செலுத்திய ரூ.20,000 போக, தினமும் ரூ.16,000 நிலுவை. பெருக்கினால் 1,76,000.

மூன்றையும் கூட்டினால் 8,00,000. இதை 30 நாள்களால் வகுத்தால் ரூ.26,666.67 கிடைக்கிறது. இதுவே அந்தச் சுழற்சியின் சராசரி தினசரி நிலுவை. சுழற்சியின் கடைசி நாளில் கடன் ரூ.16,000 மட்டுமே என்றாலும், சராசரியாக ஒவ்வொரு நாளும் ரூ.26,666.67 கடன் இருந்ததாகவே வங்கி கணக்கில் கொள்கிறது.

இந்தச் சராசரியை 30 நாள்களால் பெருக்கி, 42 சதவீத ஆண்டு வட்டியை 365 நாள்களுக்குப் பகிர்ந்து கணக்கிட்டால், இந்தச் சுழற்சிக்கான வட்டி ரூ.920.55 ஆகும். சராசரியைக் கண்டறியாமல், முதலில் கிடைத்த 8,00,000 என்ற கூட்டுத்தொகையை நேரடியாக 0.42-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தாலும் இதே விடைதான் வரும். சில வங்கிகள் தங்கள் விதிமுறைகளில் ‘சராசரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், ‘நிலுவைத் தொகை, நாள்களின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி ஆகியவற்றைப் பெருக்கி 365-ஆல் வகுக்கப்படும்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம். சொற்கள் வேறாயினும் கணக்கு ஒன்றே.

பின்னோக்கிச் செல்லும் வட்டி

மொத்த வட்டியில் இரண்டாவது பகுதிதான் வாடிக்கையாளர்களை அதிகம் வியப்பில் ஆழ்த்துவது. குளிர்சாதனப் பெட்டி வாங்கப்பட்டது மே 20-ஆம் தேதி. அன்று முதல் ஜூலை 5 வரையிலான நாள்களுக்கு வட்டி இல்லை என்பது, முழுத் தொகையும் கடைசி நாளுக்குள் செலுத்தப்பட்டால் மட்டுமே கிடைக்கும் சலுகை. ஒரு பகுதி நின்றுபோனாலும் அந்தச் சலுகை முழுவதுமாக விலக்கிக்கொள்ளப்படும். அப்போது, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும்.

மே 20 முதல் ஜூன் 15 வரை 27 நாள்கள். அந்த நாள்களில் நிலுவை ரூ.30,000. பெருக்கினால் 8,10,000. இதற்கு அதே 42 சதவீத விகிதத்தில் வட்டி ரூ.932.05. இது முந்தைய சுழற்சிக்கு உரிய வட்டி என்றாலும், பணம் முழுமையாக வராது என்பது ஜூலை 5-க்குப் பிறகே தெரியவருவதால், ஜூலை 15 பில்லில்தான் இடம்பெறுகிறது. இதனுடன் ரூ.920.55-ஐக் கூட்டினால் ரூ.1,852.60 என்ற தொகை கிடைக்கிறது.

புதிதாக வாங்கிய துணிக்கும் இதே நிலைதான். முந்தைய பில்லில் பாக்கி இல்லாதிருந்தால், ஜூன் 26-ஆம் தேதி வாங்கிய ரூ.6,000-க்கு ஆகஸ்ட் 4-ஆம் தேதி வரை வட்டி இருந்திருக்காது. பாக்கி நின்றதால், வாங்கிய நாளிலிருந்தே அது தினசரி நிலுவையில் சேர்ந்துவிட்டது.

பாக்கி எவ்வளவு சிறியது என்பது இதில் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துவதில்லை. அவர் ஜூலை 5-ஆம் தேதி ரூ.20,000-க்குப் பதிலாக ரூ.29,500 செலுத்தி, வெறும் ரூ.500 மட்டும் பாக்கி வைத்திருந்தால் என்னவாகும்? முதல் இரண்டு கட்டங்களும் மாறுவதில்லை. கடைசி 11 நாள்களின் நிலுவை மட்டும் ரூ.6,500 ஆகக் குறையும். அந்தச் சுழற்சியின் வட்டி ரூ.800.30, பின்னோக்கிய வட்டி அதே ரூ.932.05. மொத்தம் ரூ.1,732.35. ரூ.500 குறைவாகச் செலுத்தியதற்கு வரி நீங்கலாக ரூ.1,732 வட்டி. இன்னும் ரூ.9,500 கூடுதலாகச் செலுத்தியும் வட்டியில் குறைந்தது சுமார் ரூ.120 மட்டுமே. அந்த ரூ.500-ஐயும் சேர்த்துச் செலுத்தியிருந்தால் வட்டி ஏதும் இல்லை.

தேதியை மாற்றினால் வட்டி மாறும்

முழுத் தொகையையும் செலுத்த இயலாது என்று முன்கூட்டியே தெரிந்தால், கடைசி நாள் வரை காத்திருப்பதில் பயன் இல்லை. இதுவும் தினசரி நிலுவை முறையின் நேரடி விளைவாகும். மேலே கண்ட எடுத்துக்காட்டில், அதே ரூ.20,000-ஐ ஜூலை 5-ஆம் தேதிக்குப் பதிலாக ஜூன் 20-ஆம் தேதியே செலுத்தியதாகக் கொள்வோம்.

அப்போது ஜூன் 16 முதல் 19 வரை 4 நாள்களுக்கு நிலுவை ரூ.30,000, ஜூன் 20 முதல் 25 வரை 6 நாள்களுக்கு ரூ.10,000, ஜூன் 26 முதல் ஜூலை 15 வரை 20 நாள்களுக்கு ரூ.16,000. பெருக்கிக் கூட்டினால் 5,00,000. சராசரி தினசரி நிலுவை ரூ.16,666.67. வட்டி ரூ.575.34. செலுத்திய தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. 15 நாள்கள் முன்னதாகச் செலுத்தியதால் மட்டுமே ரூ.345.21 குறைந்துள்ளது. ஆனால், முந்தைய சுழற்சிக்கான ரூ.932.05 வட்டியில் மாற்றம் இருக்காது. ஏனெனில், மே 20 முதல் ஜூன் 15 வரை நிலுவை குறையவே இல்லை.

புதிய செலவுகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். துணி வாங்கியதை ஜூன் 26-இலிருந்து தள்ளிவைத்து, சுழற்சி முடிந்த பிறகு வாங்கியிருந்தாலோ, ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருந்தாலோ, 20 நாள்களுக்கு ரூ.6,000 வீதம் நிலுவையிலிருந்து நீங்கியிருக்கும். அதனால் மிச்சமாகும் வட்டி ரூ.138.08. பாக்கி நிற்கும் காலத்தில் அந்த அட்டையில் புதிதாக எதையும் வாங்காதிருப்பது நல்லது என்று கூறப்படுவதன் காரணம் இதுவே.

வங்கியின் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்ட நாளே செலுத்திய நாளாகக் கருதப்படும் என்பதையும் கவனிக்க வேண்டும். காசோலை கொடுத்தால், அது பணமாக மாறும் வரை நிலுவை குறையாது.

முழுவதும் செலுத்திய பின்னும் வரும் வட்டி

ஜூலை 15-ஆம் தேதி பில்லில் நிலுவை ரூ.16,000-உம், வட்டியும் வரியுமாக ரூ.2,186.07-உம் சேர்ந்து ரூ.18,186.07 என்று வருகிறது. கணக்கை முடித்துவிட வேண்டும் என்று அவர் கடைசி நாளான ஆகஸ்ட் 4-ஆம் தேதி முழுத் தொகையையும் செலுத்திவிடுகிறார். புதிதாக எதையும் வாங்கவும் இல்லை. ஆனாலும், ஆகஸ்ட் 15-ஆம் தேதி வரும் பில்லில் மீண்டும் ஒரு வட்டித் தொகை இருக்கும்.

இது பிழை அன்று. ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 3 வரை 19 நாள்கள், ரூ.16,000 நிலுவை தினமும் இருந்துகொண்டே இருந்தது. ஜூலை 15-ஆம் தேதி தயாரான பில்லில் அந்த நாள்களின் வட்டி இடம்பெற்றிருக்க வழியில்லை. பொருள் வாங்கிய தொகையை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 3,04,000-க்கு வட்டி ரூ.349.81, வரி ரூ.62.97, ஆக மொத்தம் ரூ.412.78. பில் வந்த மறுநாளான ஜூலை 16-ஆம் தேதியே முழுத் தொகையையும் செலுத்தியிருந்தால் இந்தத் தொகை எழுந்திருக்காது. கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணி ஆகஸ்ட் பில்லைப் பார்க்காமல் விட்டால், இச்சிறு தொகையே அடுத்த தாமதக் கட்டணத்துக்கு வழிவகுக்கும்.

விதிகள் கூறுவது என்ன?

கடன் அட்டைகள் தொடர்பாக ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21-ஆம் தேதி விரிவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. முந்தைய மாத பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாக் காலம் இழக்கப்படும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சுட்டிக்காட்ட வேண்டும் என்றும், வட்டி கணக்கிடும் முறையை எடுத்துக்காட்டுகளுடன் விளக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வந்தால் கடன் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் என்ற எச்சரிக்கை ஒவ்வொரு பில்லிலும் இடம்பெற வேண்டும். பில் கிடைத்த பின் பணம் செலுத்தக் குறைந்தது இரு வார அவகாசம் தரப்பட வேண்டும்.

செலுத்தப்படாத கட்டணங்கள், தீர்வைகள், வரிகள் ஆகியவற்றை அசலுடன் சேர்த்து அவற்றின் மீதும் வட்டி விதிக்கக் கூடாது என்பது வாடிக்கையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டிய மற்றொரு விதி. தினசரி நிலுவையைக் கூட்டும்போது வரித் தொகையும் தாமதக் கட்டணமும் அதில் நுழைந்துள்ளனவா என்று பார்ப்பதற்கு இந்த விதி உதவும்.

கடைசி நாள் முடிந்து மூன்று நாள்களுக்கு மேல் பாக்கி நீடித்தால் மட்டுமே தாமதக் கட்டணம் விதிக்கலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம் என்றும் வழிகாட்டுதல்களில் உள்ளது. இதைக் கூடுதல் வட்டியில்லாக் காலமாகச் சிலர் புரிந்துகொள்கின்றனர். அந்த விதி தாமதக் கட்டணத்தையும் கடன் தகவல் அறிக்கையையும் பற்றியது. வட்டியில்லாக் காலத்தை மூன்று நாள்கள் நீட்டிப்பதாக அது கூறவில்லை.

வட்டி விகிதத்தைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ஆம் ஆண்டு பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. ஆகவே, 42 சதவீதம் போன்ற விகிதங்களுக்கு அந்த உத்தரவின் அடிப்படையில் தடை இல்லை.

பில்லைச் சரிபார்ப்பது எப்படி?

வட்டித் தொகையில் ஐயம் எழுந்தால், அடுத்தடுத்த இரண்டு பில்களையும் ஒரு தாளையும் எடுத்துக்கொண்டாலே போதுமானது. பொருள் வாங்கிய தேதிகளையும் பணம் வரவு வைக்கப்பட்ட தேதிகளையும் வரிசையாக எழுத வேண்டும். நிலுவை மாறிய ஒவ்வொரு நாளிலும் ஒரு புதிய கட்டம் தொடங்கும். ஒவ்வொரு கட்டத்தின் நிலுவையையும் நாள்களையும் பெருக்கிக் கூட்டி, ஆண்டு வட்டி விகிதத்தால் பெருக்கி, 100-ஆலும் 365-ஆலும் வகுத்தால் வட்டி கிடைக்கும். கட்டங்களின் நாள்களைக் கூட்டினால் சுழற்சியின் மொத்த நாள்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

விடையில் சில ரூபாய் வேறுபாடு இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. பணம் வந்த நாளையும் நிலுவை நாளாக எண்ணுவதா, இல்லையா என்பதில் வங்கிக்கு வங்கி நடைமுறை வேறுபடலாம். எடுத்துக்காட்டில், ஜூலை 5-ஆம் தேதியும் ரூ.36,000 நிலுவை இருந்ததாகக் கொண்டால் வட்டி சுமார் ரூ.23 கூடும். சராசரி நிலுவையை 365 நாள் கணக்கில் கொள்ளாமல் 3.5 சதவீத மாத விகிதத்தால் நேரடியாகப் பெருக்கினால், ரூ.920.55-க்குப் பதிலாக ரூ.933.33 வரும். எந்த முறை என்பது அட்டையின் முக்கிய விதிமுறைகள் அடங்கிய ஆவணத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

வேறுபாடு நூற்றுக்கணக்கில் இருந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். செலுத்திய பணம் அந்தத் தேதியிலிருந்து நிலுவையில் கழிக்கப்பட்டுள்ளதா? கடைக்காரர் திருப்பித் தந்த தொகை கழிக்கப்பட்டுள்ளதா? அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கப்பட்டதா? ரொக்கம் எடுத்தால் வட்டியில்லாக் காலமே கிடையாது. முழு பில்லையும் செலுத்துபவருக்கும் எடுத்த நாளிலிருந்து வட்டி உண்டு.

இவற்றுக்குப் பிறகும் கணக்கு பொருந்தவில்லை எனில், தினசரி நிலுவைப் பட்டியலைத் தருமாறு அட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். புகாருக்கு 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற இணையதளம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். தேதிகள், நிலுவைகள், நாள்கள் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக எழுதிய தாளைப் புகாருடன் இணைத்தால், எந்த நாளின் நிலுவையில் வேறுபாடு எழுந்தது என்பதை இரு தரப்பும் ஒரே பார்வையில் காண முடியும்.